கார்டுக்கா, வாலட்டுக்கா

பழுதான லேப்டாப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன பையன் வண்டியைக் கிளப்புவதற்குள் மதிவதனியின் போனில் செய்தி வந்துவிட்டது. பொருள் கிடைத்தது, ஆர்டர் ரத்தாகிவிட்டது, பணத்தை எங்கே திருப்பித் தரட்டும் என்று கேட்டது. கீழே இரண்டு வட்டங்கள். 'பணம் செலுத்திய கார்டுக்கே: ஐந்து முதல் ஏழு வேலை நாள்.' 'எங்கள் வாலட்டுக்கு: உடனடியாக.' இன்று இரவு எட்டு மணிக்குள் சொல்லாவிட்டால் கார்டுக்கே போய்விடும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி.

அவள் யோசிக்காமல் முதல் வட்டத்தைத் தொடப் போனாள். கார்டு என்றால் காசு, வாலட் என்றால் அந்தக் கடைக்குள்ளேயே சுற்றுகிற காசு. அதுவரைக்கும் அவளுக்குத் தெரியும். அப்புறம்தான் கை நின்றது. அந்தக் கார்டு அவளுடையது இல்லை.

அது வர்ஷினியின் கார்டு. பீளமேட்டில் லேடீஸ் ஹாஸ்டலில் இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒரே மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் வேலை. கம்பெனி ஒரே நாளில் நாற்பது பேரை அனுப்பியபோது இருவர் பேரும் அந்த நாற்பதில் இருந்தது. மதிவதனி தன் ஊரான கிணத்துக்கடவுக்கு வந்துவிட்டாள். வர்ஷினி இன்னொரு வேலை தேடிக்கொண்டு கொஞ்ச நாள் ஹாஸ்டலிலேயே இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் தள்ளுபடி விற்பனை வந்தது. ஒரு குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால் ஆறாயிரம் குறையும். மதிவதனியிடம் கிரெடிட் கார்டே கிடையாது. வர்ஷினியிடம் அந்தக் கார்டு இருந்தது.

"எங்கார்டுல போட்டுக்க. பில்லு வர்றதுக்குள்ள எனக்கு அனுப்பிரு, நான் கட்டிப்போடறேன்" என்றாள் வர்ஷினி. மதிவதனி பில் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. முன்பே எடுத்திருந்த பி.எஃப். பணத்திலிருந்து அன்று மாலையே நாற்பத்தோராயிரத்தை வர்ஷினியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டாள். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் வாங்குகிறார்கள். யார் கார்டுக்குத் தள்ளுபடி என்று கேட்டு, அவர்களிடம் காசைக் கொடுத்துவிடுவது.

வந்த லேப்டாப்பின் திரை ஒரு வாரத்தில் நடுங்க ஆரம்பித்தது. டெக்னீஷியன் வந்தார், பார்த்தார், கடையில் மாற்றித் தருகிறோம் என்றார்கள். மாற்றுப் பெட்டி இன்று வரும் நாளை வரும் என்று மூன்று மாதத்தை ஓட்டிவிட்டு, ஸ்டாக் இல்லை, ரத்து செய்துவிடுகிறோம் என்றார்கள். அதற்குள் மதிவதனிக்கு வேலையும் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங். திங்கட்கிழமை சேர வேண்டும். கம்பெனி லேப்டாப் தராது. சொந்த லேப்டாப்போடு சரவணம்பட்டி அலுவலகத்துக்கு வந்து சாஃப்ட்வேர் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இன்று வியாழன்.

வர்ஷினிக்கு அடித்தாள். சுவிட்ச் ஆஃப். கொஞ்ச நேரம் கழித்து அடித்தாள். சுவிட்ச் ஆஃப். கடைசியாக எப்போது பேசினோம் என்று நினைத்துப் பார்த்தாள். பதினைந்து நாள் இருக்கும். பேச்சு ரொம்பச் சுருக்கமாக முடிந்திருந்தது.

போனைக் கீழே வைத்தவுடன் அதுவே அடித்தது. தெரியாத எண். வர்ஷினி வேறு நம்பரிலிருந்து கூப்பிடுகிறாளோ என்று எடுத்தாள்.

"வணக்கமுங்க. மதிவதனி மேடமுங்களா? என்ற பேரு செங்கோடனுங்க. கிரெடிட் கார்டு வசூல் ஆபீஸ்லருந்து பேசறனுங்க. வர்ஷினிங்கறவங்க உங்களுக்கு வேண்டியவங்கதானுங்களே?"

குரல் அவ்வளவு மரியாதையாக இருந்தது. அதனாலேயே மதிவதனிக்குப் பயம் வந்தது.

"ஆமாங்க, ஃப்ரெண்டுங்க. என்னங்க?"

"ஒண்ணுமில்லைங்க. கார்டு வாங்கறப்ப உங்க பேரைத்தான் ரெஃபரன்ஸ்னு குடுத்திருக்காங்க. ரெண்டு பில்லு நிலுவையாப் போச்சுங்க. போனை எடுக்க மாட்டேங்கறாங்க. நாங்க ஊட்டுக்குப் போனா அக்கம்பக்கத்துல மரியாதையா இருக்காதுன்னுதான் உங்களைக் கூப்பிட்டனுங்க. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"எவ்வளவுங்க நிலுவை?"

"அதை நாங்க சொல்லக்கூடாதுங்க. ஆனா லேப்டாப்புன்னு ஒரு பெரிய செலவுங்க. அதுதான் அப்படியே நிக்குது."

மதிவதனி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தான் அனுப்பிய காசு கார்டுக்குப் போகவில்லை. மனசு பதறியபோது வாய் முந்திக்கொண்டது.

"அந்த லேப்டாப் ரத்தாயிருச்சுங்க. அதுக்குப் பணம் திரும்பி வருதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

எதிர்ப்பக்கக் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது.

"அப்படிங்களா? ரொம்ப நல்லதுங்க. கார்டுக்கே போடச் சொல்லீருங்க மேடம். வந்தா நிலுவையில தானா அட்ஜஸ்ட் ஆயிரும். உங்க ஃப்ரெண்டுக்குப் பெரிய உபகாரம். நாங்களும் ஊட்டுக்கு வர வேண்டியதில்லை. வாலட்டு கீலட்டுன்னு கேப்பாங்க, அதுக்குப் போயிராதீங்க."

அவள் போனை வைத்தாள். கார்டுக்கு அனுப்பினால் அந்தக் காசு என்ன ஆகும் என்று இப்போதுதான் முழுதாகப் புரிந்தது. கார்டில் நிலுவை இல்லாமல் இருந்திருந்தால், வந்து சேர்ந்த தொகைக்கு ஈடாக வர்ஷினி தன் கணக்கிலிருந்து எடுத்து அனுப்பியிருப்பாள். நிலுவை இருந்தால் பள்ளத்தில் ஊற்றின தண்ணீர்தான். வர்ஷினியே விரும்பினாலும் அதிலிருந்து எடுத்துத் தர முடியாது.

சமையலறையிலிருந்து அம்மா பாவாத்தாள் எட்டிப் பார்த்தாள். "ஏங்கண்ணு, முகமே செத்துப்போச்சு?"

மதிவதனி சொன்னாள். பாவாத்தாளுக்கு வாலட் தெரியாது, கார்டு தெரியாது, ஆனால் விஷயம் சட்டென்று பிடிபட்டது.

"நீ குடுத்த காசை அவ வேற எதுக்கோ செலவு பண்ணிப்போட்டா. இப்ப அந்தக் காசு திரும்பி வருது. ஒரு வழியில வந்தா உன் கைக்கு. இன்னொரு வழியில வந்தா அவ கடனுக்கு. இதுல யோசிக்க என்ன இருக்குது?"

"வாலட்டுக்கு வந்தா கைக்கு வராதும்மா. அந்தக் கடையில மட்டும்தான் வாங்க முடியும்."

"உனக்கு வேண்டியதும் அந்தப் பெட்டிதானே?"

அது சரிதான். ஆனாலும் மதிவதனிக்கு அந்த வட்டத்தைத் தொட மனம் வரவில்லை. மனசுக்குள் கோபம்தான் முதலில் இருந்தது. ஏமாற்றிவிட்டாளே. பிறகு இன்னொன்று. வர்ஷினி அப்படிப்பட்டவள் இல்லையே. மெஸ் பில்லில் ஐந்து ரூபாய் கூடக் குறைய இருந்தால் மறுநாள் காலையில் மதிவதனியின் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறவள்.

கடையின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஆஃப்ரின் என்று ஒரு பெண் வந்தாள்.

"பாதி கார்டுக்கும் பாதி வாலட்டுக்கும் போட முடியுங்களா?"

"முடியாதுங்க மேடம். ஒரே பொருள், ஒரே கார்டுல கட்டியிருக்கீங்க. ஏதாவது ஒண்ணுதான்."

"என்னோட பேங்க் அக்கவுண்ட்டுக்கு?"

"பணம் எங்கிருந்து வந்துச்சோ அங்கதான் திருப்பி அனுப்ப முடியும். வேற அக்கவுண்ட்டுக்கு மாத்தித் தர எங்களுக்கு வழியில்லைங்க."

"வாலட்ல வந்தா, அப்புறம் பேங்குக்கு எடுத்துக்கலாமா? இல்ல வேற யாருக்காவது அனுப்பலாமா?"

"இல்லைங்க. எங்ககிட்ட பொருள் வாங்க மட்டும்தான். ஒரு வருஷம் வரைக்கும் வச்சிருக்கலாம். வாலட்னு ஒரு தடவை குடுத்துட்டா மறுபடி கார்டுக்கு மாத்த முடியாது. யோசிச்சுக் குடுங்க."

"நான் கட்டினது நாப்பத்தோராயிரம். அந்தத் தள்ளுபடி ஆறாயிரம்?"

"கட்டின தொகைதான் திரும்ப வருங்க. தள்ளுபடி வராது."

அதே மாடல் இன்றைய விலை நாற்பத்தேழாயிரம். வேறொரு விற்பனையாளரிடம் இருந்தது. இன்று மாலைக்குள் ஆர்டர் போட்டால் சனிக்கிழமை கிணத்துக்கடவுக்கு வரும் என்று காட்டியது. 'மூன்று மட்டுமே மீதம்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அது எவ்வளவு உண்மையோ தெரியாது, ஆனால் பார்க்கப் பார்க்கப் பதட்டம் ஏறியது.

புது வேலையின் எச்.ஆருக்கும் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு வாரம் தள்ளிச் சேரலாமா என்று கேட்டாள். "இந்த பேட்ச்ல இடம் ஃபுல்லுங்க. நீங்க வரலைன்னா வெயிட்டிங்ல இருக்கறவங்களைக் கூப்பிட்டுக்குவோம்" என்றார் அவர், கோபமில்லாமல்.

அப்புறம் அவள் புறப்பட்டாள். வர்ஷினியின் ஊர் தொண்டாமுத்தூருக்கு அப்பால் நரசீபுரம் ரோட்டில். ஹாஸ்டல் முகவரிப் பதிவில் இருந்ததை வார்டன் அக்காவிடம் கேட்டு வாங்கினாள். இரண்டு வருஷம் கூட இருந்தும் அவள் அந்த ஊருக்குப் போனதில்லை. வர்ஷினி கூப்பிட்டதும் இல்லை. ஏன் என்று இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை. சாதி என்று சொல்லாமலே இருவருக்கும் தெரிகிற விஷயங்களில் அது ஒன்று.

"எதுக்கு அத்தனை தூரம்? போன்ல அழுத்தினா முடிஞ்சுது" என்றாள் பாவாத்தாள்.

"அவகிட்டக் கேக்காம அழுத்தினா நான் தூங்க மாட்டேம்மா."

பஸ்ஸில் உக்கடம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். மேம்பாலத்துக்குக் கீழே அடுத்த பஸ் மாறும்போது வெயில் உச்சியில் இருந்தது. போனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாள். அந்த இரண்டு வட்டங்களும் அப்படியே இருந்தன. சார்ஜ் குறைந்துகொண்டு வந்தது. சார்ஜ் போய்விட்டால் எட்டு மணிக்கு அதுவே கார்டுக்குப் போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, பைக்குள் வைத்து, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பேரூர் தாண்டியதும் மலை தெரிந்தது. தொண்டாமுத்தூரில் இறங்கி, மினி பஸ்ஸைப் பிடித்து, இரண்டு பேரிடம் வழி கேட்டு, பாக்குத் தோப்பை ஒட்டி இருந்த ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வெளியே ஒரு ஆள் டிராக்டர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"வர்ஷினி ஊடு இதுங்களா?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "யாருங்க அம்மணி?"

"அவ கூட வேலை பார்த்தவங்க. மதிவதனிங்க."

அவர் முகத்தில் ஒரு பயம் வந்து போனது. யாரோ காசு கேட்டு வந்திருக்கிறார்கள் என்ற பயம். அந்தப் பார்வையை மதிவதனி புரிந்துகொண்டாள், ஏனென்றால் அவளும் அப்படித்தான் வந்திருந்தாள்.

வர்ஷினி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். மதிவதனியைப் பார்த்ததும் நின்றவள், கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

நடுவீட்டில் கட்டிலில் அவள் அம்மா படுத்திருந்தார். வலது இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் கட்டு. பக்கத்தில் வாக்கர்.

"தக்காளிக் காட்டுக்குள்ள யானை வந்துருச்சு" என்றாள் வர்ஷினி. "விடியக்காலை மோட்டார் போடப் போனாங்க. இருட்டுல பக்கத்துலயே நின்னிருக்குது. ஓடி வாய்க்கால்ல விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு. ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சிருக்குது."

வர்ஷினியின் அம்மா சிரமப்பட்டுத் தலையைத் தூக்கினார். "வாம்மா. உன்னைப் பத்தி வர்ஷி சொல்லியிருக்கறா. உக்காரு. ஏங்க, புள்ளைக்குத் தண்ணி குடுங்க."

வர்ஷினியின் அப்பா தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு பேப்பர் கப்பில். வர்ஷினி அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், எழுந்து போய் வீட்டார் குடிக்கிற எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்து வைத்தாள். மதிவதனி சொம்பிலிருந்து குடித்தாள்.

பிறகு இருவரும் பின்கட்டுக்கு வந்தார்கள். தேங்காய் மட்டைகள் குவித்திருந்த இடத்தில் ஒரு சிமென்ட் தொட்டி. அதன் மேல் உட்கார்ந்தார்கள்.

"செங்கோடன்னு ஒருத்தர் போன் பண்ணினாரு" என்றாள் மதிவதனி.

வர்ஷினி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"நான் அனுப்பின காசை எடுத்து ஆஸ்பத்திரியில கட்டிட்டே."

"ம்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"அட்வான்ஸ் கட்டினாத்தான் தியேட்டருக்கு எடுப்போம்னாங்க. அப்பாகிட்ட இல்ல. அக்கவுண்ட்ல உன் காசு இருந்துச்சு. அந்த நேரத்துல அது உன் காசுன்னே எனக்குத் தோணலடி. கட்டிட்டு வெளிய வந்து உக்காந்தப்பதான் தோணுச்சு."

"என்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருக்க மாட்டே. அதனாலதான் கேக்கல. உன்கிட்ட இருந்தது அந்த பி.எஃப். மட்டும்தான்னு எனக்குத் தெரியும். அடுத்த மாசச் சம்பளத்துல கார்டைக் கட்டிரலாம்னு நெனச்சேன். புதுசாச் சேர்ந்த இடத்துல, அம்மாவைப் பார்க்க லீவு போட்டதுக்கு வர வேண்டாம்னுட்டாங்க. மொத பில்லுக்கு மினிமம் மட்டும் கட்டினேன். அப்புறம் அதுவும் முடியல. வட்டி, லேட் ஃபீஸ்னு ஏறிப்போச்சு. போன் அடிச்சாலே பயமா இருக்குது. அதான் ஆஃப் பண்ணிட்டேன்."

மதிவதனிக்கு வந்த வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. அவற்றில் பாதி இப்போது பயன்படவில்லை. மீதியில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நான் உன்னைத் திருடின்னு நெனச்சுட்டேன். பஸ்ல வர்றப்ப நெனச்சேன்" என்றாள்.

"நெனச்சா நெனச்சுக்க. தப்பில்ல."

மதிவதனி போனை எடுத்துக் காட்டினாள். லேப்டாப் பழுதானது, ரத்தானது, திங்கட்கிழமை வேலை, எட்டு மணிக் கெடு எல்லாவற்றையும் சொன்னாள். வர்ஷினி அந்த இரண்டு வட்டங்களையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஒரு ஆசை தெரிந்தது. மறைக்க முயன்றாள், முடியவில்லை. கார்டுக்குப் போனால் அடுத்த வாரம் நிலுவையில் பெரும்பகுதி கரைந்துவிடும். செங்கோடன் வீட்டுக்கு வர மாட்டார். அப்பா டயருக்குக் காற்றடித்துக்கொண்டே ரோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

"கார்டுக்கே போடட்டுமா?" என்றாள் மதிவதனி. கேட்டதும் தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது. "எனக்கு வேற வேலை வரும்."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, அது உண்மையில்லை. ஐந்து மாதமாகத் தேடிக் கிடைத்த வேலை இது. அப்பா தேங்காய் நார் மில்லில் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறார். ஆனாலும் கேட்டுவிட்டாள். வர்ஷினி சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த நொடியே பயம் வந்தது.

தோப்புக்குள் யாரோ பாக்குக் குலை வெட்டிப் போடும் சத்தம் கேட்டது.

"இங்க பாரு" என்றாள் வர்ஷினி. "கார்டுக்குப் போச்சுன்னா என்ன ஆகும்? என் பேங்க் கடன் குறையும். அந்தக் காசு உன்னோடது. அப்ப நான் உனக்குக் கடன்காரி. எப்பக் குடுப்பேன்னு எனக்கே தெரியாது. உனக்கும் வேலை போயிரும். மாசா மாசம் நீ என்னை நெனப்பே, நான் உன்னை நெனப்பேன். ரெண்டு பேருக்கும் பிடிக்காமப் போயிரும்."

"வாலட்டுக்குப் போச்சுன்னா?"

"உன் காசு உனக்கு வந்துருச்சு. உனக்கும் எனக்கும் தீந்துது. ஆஸ்பத்திரிச் செலவு பேங்க்ல நான் வாங்கின கடன். உண்மையும் அதுதான். பேங்குக்குக் கடன்காரியா இருந்துக்கறேன். உனக்கு வேண்டாம்."

"அந்த ஆளு ஊட்டுக்கு வர்றேன்னாரு."

"வரட்டும். வாசல்ல நிக்க வச்சுப் பேசிக்கறேன்."

"என் பேரை ஏண்டி ரெஃபரன்ஸா குடுத்தே?"

அந்தக் கேள்விக்கு வர்ஷினி முதல் தடவையாக அழுதாள். "வேற யாரைக் குடுக்கறது? எனக்குத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்."

மதிவதனி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எது சரி என்று தெரிந்துவிட்டது. ஆனால் விரல் போகவில்லை. உள்ளே படுத்திருக்கும் அம்மா முனகுவது கேட்டது. ஒரு தொடுதலில் இந்த வீட்டுக்கு வரும் ஆளை நிறுத்தலாம் என்று தெரிந்தபோது, மற்றதைத் தொடுவது கொடுமையாக இருந்தது. சார்ஜ் சிவப்புக்கு இறங்கியிருந்தது.

"என்னால முடியலடி" என்றாள்.

வர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். மதிவதனி தடுக்கவில்லை. வர்ஷினியின் கட்டைவிரல் இரண்டாவது வட்டத்தில் இறங்கியது. 'வாலட்டுக்குத் தந்த பிறகு மாற்ற இயலாது. உறுதியா?' என்று கேட்டது திரை. அவள் அங்கேயும் அழுத்தினாள்.

'நாற்பத்தோராயிரம் ரூபாய் உங்கள் வாலட்டில் சேர்ந்தது' என்று உடனே வந்தது.

வர்ஷினி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆர்டர் போடு. ஸ்டாக் போயிரும்" என்றாள்.

மதிவதனி பின்கட்டுச் சுவரில் வர்ஷினியின் சார்ஜரைச் செருகி, அங்கேயே நின்றபடி ஆர்டர் போட்டாள். விலைக்கு ஆறாயிரம் பற்றவில்லை. போனில் கேட்டதற்கு, அதைப் பாவாத்தாள் பால் சொசைட்டியில் போட்டு வைத்திருந்த காசிலிருந்து தர ஒத்துக்கொண்டாள். மதிவதனி தன் கணக்கிலிருந்த கடைசிப் பணத்தை இப்போதைக்குக் கட்டினாள். 'சனிக்கிழமை வரும்' என்றது திரை.

கிளம்பும்போது வர்ஷினியின் அம்மா, "சாப்பிடாமப் போறியே" என்றார். மதிவதனி பஸ் போயிரும் என்று சொல்லிவிட்டு வந்தாள். உண்மையில் அந்த வீட்டில் இன்னும் ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை. வெளியே வர்ஷினியின் அப்பா எழுந்து நின்று, "போயிட்டு வாங்கம்மணி" என்றார். காசு கேட்காமல் போகிறாளே என்ற ஆறுதலா, வேறு ஏதுமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை முழுக்க மதிவதனி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியம் தாண்டியும் வரவில்லை. 'பொள்ளாச்சி மையத்தில் உள்ளது' என்றே நாலு மணி வரைக்கும் காட்டியது. இவ்வளவு செய்தும் பெட்டி வராமல் போனால் யாருக்கும் இல்லாமல் போகுமே என்று நினைத்து நினைத்து அவளுக்குத் தலை வலித்தது. பாவாத்தாள் இரண்டு தடவை வெளியே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பொழுது சாயும் நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. பெட்டியைப் பிரித்து, திரை நடுங்குகிறதா என்று ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாள். நடுங்கவில்லை.

திங்கட்கிழமை சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் ஏற்றிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை முதல் ஷிஃப்டில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் செங்கோடன் கூப்பிட்டார்.

"மேடம், கார்டுக்கு இன்னும் ஒண்ணும் வரலையேங்க?"

"வராதுங்க. அது நான் குடுத்த காசு, எனக்கு வந்துருச்சு. கடன் வாங்கினது நான் இல்லைங்க. இனி என்னைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டா பேங்க்ல புகார் எழுதிக் குடுப்பேன்." சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தாள்.

"சரிங்க, கோவிச்சுக்காதீங்க" என்று அவர் வைத்துவிட்டார். அதன் பிறகு அவளைக் கூப்பிடவில்லை.

வர்ஷினியை அவர் விடவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கே போயிருக்கிறார். அதை வர்ஷினி அப்போது சொல்லவில்லை. பத்து நாள் கழித்து ஒரு மாலை கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்பா முன்னாடி நின்னு பேசினேன். அவமானமாத்தான் இருந்துச்சு. ஆனா அவரு போனதும் ஏதோ பயமே போயிருச்சு. மறுநாள் நானே பேங்க் நம்பருக்குக் கூப்பிட்டேன். நிலுவை மொத்தத்தையும் மாசத் தவணையா மாத்திக் குடுத்தாங்க. வட்டி இருக்குது. ஆனா முன்ன மாதிரி குட்டி போடாது."

"எவ்வளவு கட்டணும்?"

"அதை உன்கிட்டச் சொல்ல மாட்டேன். சொன்னா நீ அனுப்புவே."

மதிவதனிக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"எங்க கம்பெனியில அடுத்த பேட்ச் எடுக்கறாங்க" என்றாள். "சரவணம்பட்டி ஆபீஸ்ல உக்காந்து பார்க்கற வேலை. லேப்டாப் அவங்களே குடுப்பாங்க. சம்பளம் கொஞ்சம் கம்மி. அம்மாவுக்கு யாரு இருப்பாங்க?"

"சின்னம்மா வந்திருக்கறாங்க. எப்ப இன்டர்வியூ?"

"வெள்ளிக்கிழமை. என்ன கேப்பாங்கன்னு சொல்றேன், எழுதிக்க."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது. ஏதோ கீழே விழுந்தது. வர்ஷினி யாரையோ திட்டினாள். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சொல்லுடி" என்றாள்.